1,850 சொற்களிலிருந்து 150 சொற்களுக்கு: ஓர் உயர்தர மாணவியின் பத்து வாரச் சுருக்கப் பயிற்சி

## பின்னணி

வலிகாமத்தில் உள்ள ஒரு சனசமூக நிலைய வாசிகசாலையில் இந்தப் பயிற்சி நடந்தது. பங்கேற்றவர் 17 வயது மாணவி. தரம் 12, கலைப்பிரிவு. தமிழ், புவியியல், வரலாறு ஆகியவை அவருடைய பாடங்கள். வழிநடத்தியவர்கள் இருவர். ஒருவர் ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியை, மற்றவர் புவியியல் கற்பிக்கும் இளம் ஆசிரியர். கிழமைக்கு இரண்டு அமர்வு, ஒவ்வொன்றும் ஒன்றேகால் மணித்தியாலம் என்று பத்து வாரத்துக்கு ஒழுங்கு செய்யப்பட்டது.

மாணவி வாசிப்பில் பின்தங்கியவர் அல்லர். ஞாயிறு பத்திரிகையின் நீண்ட கட்டுரைகளைத் தானாகவே எடுத்து வாசிப்பவர். எழுத்தில்தான் தடை இருந்தது. புவியியல் விடைகளை ரியூசன் குறிப்பிலிருந்து மனனம் செய்து எழுதுவார். கேள்வி சற்றுத் திரும்பிக் கேட்கப்பட்டால் பேனை நின்றுவிடும். முதல் நாள் அவர் சொன்னது இது: "வாசிக்கேக்க எல்லாம் விளங்குது ரீச்சர். எழுதப் போனா ஒண்டும் வருகுதில்லை."

வழிநடத்தியவர்களும் முதலில் அதை அப்படியே ஏற்றார்கள். வாசிப்பு நன்று, எழுத்துத்தான் குறை என்று எண்ணித்தான் பயிற்சியைத் தொடங்கினார்கள். அந்தக் கணிப்புப் பிழை என்பது முதல் வாரத்திலேயே தெரிந்தது. இந்தப் பதிவில் கவனிக்கத்தக்க பகுதி அங்கிருந்துதான் தொடங்குகிறது.

சுருக்கம் எழுதுவது அவருக்குப் புதிதல்ல. சாதாரணதர வகுப்பில் ஒரு பந்தியைக் கொடுத்து அதை மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கச் சொல்வார்கள். அந்தப் பழக்கமும் இந்தக் கதையில் வருகிறது.

## முதல் கட்டுரையும் முதல் முயற்சியும்

முதற் கட்டுரை குடாநாட்டுக் கிணறுகளில் நீர் ஏன் உவர்க்கிறது என்பதைப் பற்றியது. 1,850 சொற்கள், 16 பந்திகள். கோடையில் கிணறு உவர்த்துப்போன ஒரு தோட்டக்காரரின் அனுபவத்தோடு தொடங்கி, சுண்ணக்கல் நிலத்தில் மழைநீர் எப்படித் தங்குகிறது, துலாவால் இறைத்த காலத்துக்கும் மோட்டர் போட்டு இறைக்கும் காலத்துக்கும் என்ன வேறுபாடு, உரத்திலிருந்தும் மலகூடக் குழிகளிலிருந்தும் நைத்திரேற்று எப்படிக் கிணற்றுக்கு இறங்குகிறது, தூர்ந்துபோன குளங்களை ஏன் திருத்த வேண்டும் என்று போகிறது. மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீருமாக இருக்கும் புத்தூர் நிலாவரைக் கிணறு அதில் ஓர் எடுத்துக்காட்டாக வருகிறது.

"சுருக்கி எழுதும்" என்பதற்கு மேல் எந்த அறிவுறுத்தலும் கொடுக்கப்படவில்லை. அவர் எப்படிச் செய்கிறார் என்று பார்ப்பதுதான் நோக்கம். கட்டுரையை ஒரு பக்கம் வைத்து, கொப்பியை மறுபக்கம் வைத்து, 50 நிமிடம் எழுதினார். வந்தது 640 சொற்கள், 38 வசனங்கள். எழுத்து அழகாக இருந்தது, பிழை குறைவு. பாடசாலையில் நல்ல புள்ளி கிடைத்திருக்கும்.

ஆனால் வசனம் வசனமாக மூலத்தோடு ஒப்பிட்டபோது, 38இல் 31 வசனங்கள் கட்டுரையின் வசனங்களே. இடையில் சில சொற்கள் வெட்டப்பட்டிருந்தன, அவ்வளவுதான். முதல் ஆறு பந்திகளுக்கு 350 சொற்கள் போயிருந்தன; தோட்டக்காரரின் கதை மட்டுமே 90 சொற்கள். கட்டுரை எதற்காக எழுதப்பட்டதோ அந்தக் கடைசி ஐந்து பந்திகளுக்குக் கிடைத்தது இரண்டு வசனம்.

இது இவருக்கு மட்டும் உரிய பழக்கம் அல்ல. 1983இல் ஆன் பிரவுண், ஜீன் டே என்ற இரு ஆய்வாளர்கள் பல வயதினரின் சுருக்கங்களை ஒப்பிட்டபோது, இளையவர்கள் பெரும்பாலும் "வெட்டி ஒட்டும்" வழியையே கையாள்வதைக் கண்டார்கள்: மூலத்தின் வரிசையிலேயே போய், ஒவ்வொரு வசனத்தையும் வைப்பதா விடுவதா என்று மட்டும் முடிவெடுத்து, வைப்பதை அப்படியே எழுதிவிடுவது. பல பந்திகளைச் சேர்த்து மூலத்தில் இல்லாத ஒரு மைய வசனத்தைத் தானே ஆக்குவதுதான் எல்லாவற்றிலும் பிந்தி வரும் திறமை.

வெட்டி ஒட்டுவதற்குக் கட்டுரை விளங்கியிருக்கத் தேவையில்லை. அதுதான் அதன் ஆபத்து. இந்த மாணவியின் கொப்பியில் அது எப்படி வெளிப்பட்டது என்பதைக் கட்டுரையின் ஒரு பந்தியைக் கொண்டு காட்டலாம்.

> குடாநாட்டின் சுண்ணக்கல் படுகையில் கசிந்திறங்கும் மழைநீர், தன்னிலும் அடர்த்தி கூடிய கடல்நீரின் மேல் ஒரு வில்லையைப் போல மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடி ஆழத்துக்கும் நன்னீரே இருக்கும் என்பது கோட்பாடு. ஆகவே மேல்மட்டம் 1 அடி தாழ்ந்தால், அடியிலுள்ள உவர்நீரின் எல்லை 40 அடி மேலெழ இடமுண்டு. இயந்திரத்தால் குறுகிய நேரத்தில் பெருமளவு நீரை இறைக்கும்போது, கிணற்றுக்கு நேர்கீழே இந்த எல்லை கூம்பு போல உயர்ந்து கிணற்று நீர் உவராகிறது.

மாணவி எழுதியது:

> குடாநாட்டின் சுண்ணக்கல் படுகையில் மழைநீர் கடல்நீரின் மேல் வில்லையைப் போல மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால் கீழே 40 அடி உவர்நீர் இருக்கும். இயந்திரத்தால் நீரை இறைக்கும்போது இந்த எல்லை கூம்பு போல உயர்ந்து உவராகிறது.

மேலோட்டமாகப் பார்த்தால் குறை தெரியாது. ஆனால் இரண்டாவது வசனம் மூலத்துக்கு நேரெதிர். 40 அடிக்கு இருப்பது நன்னீர். மூன்றாவது வசனத்தில் "இந்த எல்லை" என்று வருகிறது, எதன் எல்லை என்பதைச் சொன்ன வசனத்தை அவர் வெட்டிவிட்டார். கட்டுரையை வாங்கி வைத்துவிட்டு, "மோட்டர் போட்டு வேகமா இறைச்சா ஏன் பிள்ளை தண்ணி உவர்க்குது?" என்று ஆசிரியை கேட்டார். "கூம்பு போல வருது ரீச்சர்" என்றார் மாணவி. அதற்கு மேல் அவரால் சொல்ல முடியவில்லை.

ஆக, வாசிக்கும்போது விளங்கியதாக அவர் உணர்ந்தது, சொற்கள் எதுவும் புதிதாக இல்லை என்பதைத்தான். கருத்து கையில் ஏறவில்லை. எழுத்து வராததற்குக் காரணம் பாதிக்கு மேல் வாசிப்பிலேயே இருந்தது.

## எடுத்த முடிவுகள்

முதல் முடிவு நீளத்தைப் பற்றியது. மூன்றில் ஒரு பங்கு என்பது கைவிடப்பட்டு, கட்டுரை எவ்வளவு நீளமானாலும் 150 சொல் என்று வரையறுக்கப்பட்டது. ஒரு சிறு பந்திக்கு மூன்றில் ஒரு பங்கு பொருத்தமான அளவு. அங்கே வசனத்தைச் சுருக்கும் திறமைதான் சோதிக்கப்படுகிறது. 1,850 சொல் கட்டுரைக்கு அதே அளவைக் கொடுத்தால் 600 சொற்களுக்கு மேல் இடம் கிடைக்கிறது, வெட்டி ஒட்ட அது தாராளமாகப் போதும். ஏறத்தாழ பன்னிரண்டில் ஒரு பங்கு என்று வரும்போது மூலத்தின் வசனங்கள் உள்ளே அடங்காது. மூன்று நான்கு பந்திகளுக்கு ஒரு வசனம் என்று புதிதாகக் கட்டியே ஆகவேண்டும்.

இரண்டாவது, எழுதும் நேரத்தில் கட்டுரை மேசையில் இருக்கக்கூடாது. பார்த்து எழுதாதே என்று சொல்லிப் பயனில்லை, கண் தானாகவே அங்கே போகும். எனவே அமர்வு இப்படிப் பிரிக்கப்பட்டது. முதலில் பென்சில் இல்லாமல் ஒரு முழு வாசிப்பு, அதற்கு 15 நிமிடம். வாசித்து முடித்ததும் கட்டுரை என்ன சொல்கிறது என்பதை ஒரே வசனத்தில் வாயால் சொல்ல வேண்டும். பிறகு பென்சிலோடு இரண்டாம் வாசிப்பு. ஒவ்வொரு பந்திக்கும் ஓரத்தில் ஐந்து சொல்லுக்கு மேற்படாத ஒரு குறிப்பு. அதன்பின் 16 பந்திகளையும் நான்கு அல்லது ஐந்து கூட்டங்களாகக் கோடு போட்டுப் பிரித்து, கூட்டத்துக்கு ஒரு வசனம் தனித்தாளில் எழுத வேண்டும். கட்டுரை அலுமாரிக்குள் போனபின், அந்தத் தனித்தாளை மட்டும் வைத்துக்கொண்டு 25 நிமிடத்தில் சுருக்கம்.

மூன்றாவது முடிவு திருத்துவதைப் பற்றியது. இதற்குத்தான் மிகுந்த யோசனை தேவைப்பட்டது. ஒரு வசனம் பிழையாக இருந்தால் ஆசிரியர் அதைத் திருத்தி எழுதிக் கொடுப்பதில்லை. பிழையான இடத்தின் கீழே சிவப்புக் கோடு மட்டும் போட்டு, கட்டுரையின் பந்தி எண்ணைப் பக்கத்தில் எழுதுவது. மாணவி அந்தப் பந்திக்குத் திரும்பிப் போய் வாசித்து, கட்டுரையை மறுபடி மூடி, வசனத்தைத் திரும்ப எழுதுவது. மூலத்தின் நான்கு சொல் தொடர்ச்சியாக அப்படியே வந்திருந்தால் நீலக் கோடு. கலைச்சொற்களுக்கும் இடப்பெயர்களுக்கும் நீலக் கோடு இல்லை. எழுத்துப்பிழைகள் கடைசி ஐந்து நிமிடத்துக்குத் தள்ளப்பட்டன.

## இரண்டாம், மூன்றாம் வாரம்: எங்கே இடறியது

அதே நீர்க் கட்டுரையே மூன்று வாரமும் எடுக்கப்பட்டது. புதிய கட்டுரைக்கு ஓடியிருந்தால், பிழை முறையிலிருந்து வந்ததா கட்டுரையிலிருந்து வந்ததா என்று தெரிந்திருக்காது.

இரண்டாம் வாரத்தில் மாணவியின் ஓரக் குறிப்புகள் இவ்வாறு இருந்தன: "மழைநீர் பற்றி", "மோட்டர்", "உரம்", "நைத்திரேற்று அளவு", "குளங்கள்". ஐந்து சொல்லுக்குள் அடங்கின, நேர்த்தியாகவும் இருந்தன. ஆனால் கட்டுரையை மூடிவிட்டு எழுத உட்கார்ந்தபோது அந்தக் குறிப்புகளிலிருந்து எதுவும் எழவில்லை. 150 சொல் வந்தது; அது ஒரு விடயப் பட்டியல். "இக்கட்டுரை மழைநீர் பற்றிக் கூறுகிறது. பின்னர் உரம் பற்றிக் கூறுகிறது" என்ற பாங்கில் நான்கு வசனம் இருந்தன.

காரணம், "உரம்" என்பது ஒரு தலைப்பு மட்டுமே. அந்தப் பந்தி உரத்தைப் பற்றி என்ன சொல்கிறது என்பது அதில் இல்லை. தலைப்பு எழுதுவதற்குப் பந்தியின் முதல் வசனத்தைப் பார்த்தாலே போதும். கூற்று எழுதுவதற்குப் பந்தியை முடிவுவரை வாசிக்க வேண்டும். எனவே அடுத்த அமர்வில் ஒரு விதி சேர்க்கப்பட்டது: ஓரக் குறிப்பில் வினைமுற்று ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். "உரம்" என்பது "மிஞ்சிய உரம் கிணற்றுக்கு இறங்குகிறது" ஆயிற்று. "குளங்கள்" என்பது "தூர்ந்த குளம் மழையைத் தேக்காது" ஆயிற்று. இந்த ஒரு விதி செய்த மாற்றம் மற்ற எல்லாவற்றிலும் பெரிது. பயனிலை இருக்கும் குறிப்பிலிருந்து வசனம் கிளைக்கும். பெயர்ச்சொல் மட்டும் இருக்கும் குறிப்பிலிருந்து கிளைக்காது.

சொந்த வசனம் என்றால் என்ன என்பதிலும் ஒரு குழப்பம் வந்தது. நீலக் கோட்டுக்குப் பயந்து மாணவி ஒவ்வொரு சொல்லுக்கும் மாற்றுச் சொல் தேடத் தொடங்கினார். "சுண்ணக்கல்" என்பது "வெள்ளைக் கல்" ஆகியது, "நன்னீர்" என்பது "சுத்தமான நீர்" ஆகியது. இரண்டும் பிழை. நைத்திரேற்று கூடிய நீர் நன்னீராக இருக்கலாம், சுத்தமான நீராக இருக்காது. ஒரு பொருளுக்கு வழங்கும் பெயரை மாற்றக்கூடாது; மாற வேண்டியது வசனத்தின் கட்டு.

தமிழில் இதற்கு ஒரு குறிப்பான இடம் உண்டு. கட்டுரைத் தமிழ் எச்சங்களை அடுக்கி நீண்ட வசனம் கட்டும். வினைமுற்று கடைசியில்தான் வரும். நடுவில் வெட்டினால் எழுவாய்க்குப் பயனிலை இல்லாமற் போகும். நீர்க் கட்டுரையில் "கோடையில் இரவு பகலாக நீர் இறைத்த தோட்டக்காரர்கள், கிணறுகள் உவர்த்ததால் வெங்காயச் செய்கையைக் கைவிட நேர்ந்தது என்கின்றனர்" என்று ஒரு வசனம். முதல் முயற்சியில் அது "கோடையில் நீர் இறைத்த தோட்டக்காரர்கள் கிணறுகள் உவர்த்தது" என்று வந்திருந்தது. தோட்டக்காரர்கள் என்ன செய்தார்கள் என்பதற்கு அங்கே விடை இல்லை. மாணவிக்கு இலக்கணம் தெரியாமல் இது நடக்கவில்லை. தானாக எழுதும்போது அவர் இந்தப் பிழையை விடுவதேயில்லை. வெட்டி ஒட்டும்போது மட்டும்தான் அது வந்தது. எச்சத் தொடரைப் பிரித்து, ஒவ்வொரு செயலுக்கும் ஒரு முற்று வினை கொடுத்து வாயால் சொல்லிப் பார்க்கச் செய்ததும் அது நின்றது: "தோட்டக்காரர் இரவும் பகலும் இறைத்தார்கள். கிணறு உவர்த்தது. வெங்காயத்தை விட்டுவிட்டோம் என்கிறார்கள்."

அந்தக் கடைசி "என்கிறார்கள்" விழாமல் இருக்க வேண்டும் என்பதும் அந்த அமர்வில்தான் பேசப்பட்டது. சுருக்கும்போது முதலில் உதிர்வது "என்கின்றனர்", "இடமுண்டு", "ஏறக்குறைய", "கோட்பாடு" போன்ற சொற்கள். சிறியவை, வெட்டினால் வசனம் கெடாது. ஆனால் அவற்றை எடுத்துவிட்டால் ஒருவர் கூற்று எல்லோருக்குமான உண்மையாகவும், நடக்கக்கூடியது நடந்தே தீருவதாகவும் மாறிவிடும். 1 அடிக்கு 40 அடி என்பது கடல்நீருக்கும் நன்னீருக்கும் உள்ள அடர்த்தி வேறுபாட்டைக் கொண்டு கணித்தது. நிலத்துக்குள் நிலைமை அவ்வளவு ஒழுங்காக இராது. "இடமுண்டு" என்று கட்டுரை எழுதியவர் போட்டதற்குக் காரணம் அதுதான்.

மூன்றாம் வாரத்தில் வேறொரு பழக்கம் தலைகாட்டியது. சுருக்கத்தின் கடைசி வசனம்: "எனவே நாம் அனைவரும் நீரைச் சிக்கனமாகப் பாவித்து எதிர்காலச் சந்ததிக்கு வழங்குவோமாக." கட்டுரையில் இப்படி எங்குமே இல்லை. பாடசாலைக் கட்டுரைக்கு முடிவுரை எழுதிய கை அது. கட்டுரை சொன்ன முடிவு அதைவிடக் குறிப்பானது: மாரியில் ஓடிக் கடலில் சேரும் நீரைக் குளங்களில் மறித்தால் நிலத்தடி நீர்மட்டம் உயரும், உவர் எல்லை கீழே தள்ளப்படும். பொது உபதேசம் வந்து உட்கார்ந்த இடத்தில், கட்டுரையின் சொந்த முடிவு வெளியேறியிருந்தது. அதற்கும் சிவப்புக் கோடுதான் போடப்பட்டது.

## நாற்பது அடி: ஒரு பிழை திருந்திய விதம்

மேற்சொன்ன மாற்றங்கள் எல்லாம் வந்த பிறகும், அந்த "40 அடி உவர்நீர்" மட்டும் அசையாமல் இருந்தது. சிவப்புக் கோடு போட்டுப் பந்திக்கு அனுப்பியும், மாணவி வாசித்துவிட்டு வந்து அதையே எழுதினார். மூன்று தடவை இது நடந்தது. அவர் கவனக்குறைவானவர் அல்லர். கீழே இருப்பது உவர்நீர் என்று முதலே மனத்தில் ஒரு படம் விழுந்துவிட்டது. அதன்பின் வசனத்தை எத்தனை தடவை வாசித்தாலும் கண் அந்தப் படத்துக்கு ஏற்றபடியே வாசிக்கிறது.

புவியியல் ஆசிரியர் ஒரு தாளைக் கொடுத்து நிலத்தின் குறுக்குவெட்டை வரையச் சொன்னார். கடல் மட்டத்துக்கு ஒரு கிடைக்கோடு, மேலே 1 அடி, கீழே 40 அடி. மாணவி மேலே நீல நிறத்தில் மெல்லிய பட்டை வரைந்து, கீழே 40 அடிக்கும் உவர்நீர் என்று எழுதினார். பிறகு ஒரு கிணறு வரையச் சொன்னார் ஆசிரியர். கிணற்றின் அடி கடல் மட்டத்துக்குக் கீழே 10 அடியில் நின்றது. "அப்ப இந்தக் கிணத்துத் தண்ணி எப்படி இருக்கும்?" என்றார். மாணவி படத்தைப் பார்த்தார். அவருடைய படத்தின்படி ஊரிலுள்ள ஆழக் கிணறு எல்லாமே எப்போதும் உவராக இருக்க வேண்டும்.

அவரே கட்டுரையைத் திரும்பக் கேட்டு வாங்கினார். "நன்னீரே" என்ற சொல்லில் நின்றார். அந்த ஏகாரமும் "ஆழத்துக்கும்" என்பதிலுள்ள உம்மையும் தான் எழுத்தாளர் வைத்த அடையாளங்கள்: மேலே மட்டுமல்ல, கீழேயும் அதுவேதான். மாணவி இதுவரை அவற்றை வெறும் ஓசையாகக் கடந்து போயிருந்தார். தமிழ் ஆசிரியை அந்த அமர்வின் மிச்ச நேரம் முழுவதையும் இதற்கே எடுத்துக்கொண்டார். கட்டுரை முழுவதிலும் பொருளை மாற்றும் ஏகாரம், உம்மை, "மட்டும்", "கூட" ஆகியவற்றை வட்டமிடச் சொன்னபோது 22 இடங்கள் கிடைத்தன. அவற்றில் ஆறை எடுத்துவிட்டால் வசனத்தின் கருத்தே மாறிவிடும்.

மூன்றாம் வார முடிவில் அந்தப் பந்திக்கு மாணவி எழுதியது:

> மழைநீர் சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, பாரம் கூடிய கடல்நீருக்கு மேலே மிதக்கிறது. நன்னீரின் மட்டம் கொஞ்சம் இறங்கினாலே அடியிலுள்ள உவர்நீர் பல மடங்கு ஏறக்கூடும். கணக்கின்படி 1 அடிக்கு 40 அடி. மோட்டரால் வேகமாக இறைக்கும்போது, கிணற்றுக்குக் கீழே அது அப்படித்தான் ஏறிவருகிறது.

மூலத்தில் இருந்த "வில்லை", "கூம்பு" இரண்டும் இல்லை. அவை போனதால் நட்டமில்லை; உவமை விளக்கத்துக்கு உதவுவது, சுருக்கத்தில் காரணம் நின்றால் போதும். "ஏறக்கூடும்", "கணக்கின்படி" என்று நிச்சயத்தின் அளவு சரியாகக் காக்கப்பட்டிருக்கிறது. மாணவி இதைப் பேச்சில் சொல்லிப் பார்த்து எழுதினார் என்பது "பாரம் கூடிய" என்ற இடத்தில் தெரிகிறது.

## நான்காம் வாரம் முதல்

பனைசார் தொழில்கள் பற்றிய அடுத்த கட்டுரை இரண்டு வாரத்தில் முடிந்தது. அதில் குறிப்பிடத்தக்கதாக எதுவும் இல்லை, முறை பழகியது.

ஆறாம் வாரத்தில் மத்திய வங்கியின் வட்டி வீதமும் பணவீக்கமும் பற்றிய ஒரு கட்டுரை எடுக்கப்பட்டது. அது சரிவரவில்லை. முதல் வாசிப்புக்குப் பிறகு ஒரு வசனம் சொல்லும்படி கேட்டபோது மாணவியால் எதையும் சொல்ல முடியவில்லை. ஆனாலும் அமர்வைத் தொடர்ந்தார்கள், அது வழிநடத்தியவர்களின் பிழை. விளங்காத கட்டுரையில் மாணவி மறுபடியும் வெட்டி ஒட்டும் வழிக்கே போனார். நினைவில் வைத்திருந்த வசனங்களை அப்படியே இறக்கினார், நீலக் கோடுகள் முதல் வாரத்தைப் போலவே விழுந்தன. சொந்த வசனம் என்பது ஒருமுறை வந்தால் நிலைத்துவிடும் பழக்கம் அல்ல என்பதையும், விளக்கம் இல்லாத இடத்தில் யாரும் மூலத்தின் சொற்களைத்தான் பிடித்துக்கொள்வார்கள் என்பதையும் இது காட்டியது. அதன்பின் முதல் வாசிப்பின் அந்த ஒரு வசனமே வாயிற்படி ஆக்கப்பட்டது. அதைச் சொல்ல முடியாவிட்டால் கட்டுரையை மாற்றுவது, அல்லது அதே விடயத்தை எளிதாகச் சொல்லும் ஒரு சிறு கட்டுரையை முதலில் வாசிப்பது.

ஏழாம், எட்டாம் வாரங்களில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் வரலாற்றுக் கட்டுரை. இங்கே வேறு வகைச் சிக்கல். காரணத்தை விளக்கும் கட்டுரையில் எது எதற்குக் காரணம் என்ற கேள்வியே கூட்டம் பிரிக்க உதவியது. வரலாற்றுக் கட்டுரையில் நிகழ்ச்சிகள் ஆண்டு வரிசையில் நிற்கின்றன. எதையும் விட மனம் வராது. மாணவியின் முதல் வரைவில் 14 ஆண்டுகள் இருந்தன, 150 சொல்லில் பாதி அவற்றுக்கே போயிற்று. நூலகத்தின் நிலை எந்த ஆண்டுகளில் மாறியது, அந்த ஆண்டுகள் மட்டும் நிற்கட்டும் என்று சொல்லப்பட்டது. 1933இல் ஒருவரின் வீட்டில் தொடங்கிய முயற்சி, 1959இல் திறக்கப்பட்ட கட்டடம், 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டது, பின்னர் மீளக் கட்டப்பட்டது என்று நான்கு திருப்பங்கள் எஞ்சின. எஞ்சிய இடத்தில், எரிந்தவற்றில் வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் இருந்தன என்பதற்கு ஒரு வசனம் கிடைத்தது. கட்டுரையின் கனம் அங்கேதான் இருந்தது. 14 ஆண்டுகளுக்கு நடுவே அது முதல் வரைவில் இடம்பெறவேயில்லை.

## விளைவு

பத்தாம் வாரத்தில் புதிய கட்டுரை ஒன்று கொடுக்கப்பட்டது: டெங்கு நுளம்பு எப்படிப் பெருகுகிறது என்பது பற்றி, 1,900 சொல். உதவி எதுவுமில்லை. வரைவு 146 சொல், 11 வசனம். நீலக் கோடு ஒன்று, சிவப்புக் கோடு இரண்டு. "முட்டைகள் காய்ந்த பாத்திரத்திலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், ஆகவே தண்ணீரை வெளியே ஊற்றிவிட்டால் மட்டும் போதாது, பாத்திரத்தை உரஞ்சிக் கழுவ வேண்டும்" என்ற வசனம் கட்டுரையில் நான்காம் பந்தியையும் பதின்மூன்றாம் பந்தியையும் இணைத்து மாணவியே கட்டியது. முதல் வாரத்தில் அப்படி ஒரு வசனம்கூட இருக்கவில்லை.

அந்தத் தவணைப் புவியியல் விடைத்தாளில், மனனக் குறிப்பில் இல்லாத ஒரு கேள்விக்கு ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தார். அதில் "ஆகவே", "ஆனால்", "இதனால்" என்பவை காரணத்தோடு நின்றன, வெறும் தொடுப்பாக அல்ல.

மாறாதவையும் உண்டு. வாசிப்பு வேகம் கூடவில்லை. நிறுத்தி நிறுத்தி வாசிப்பதால் சற்றுக் குறைந்தும் இருக்கலாம். ரகர றகர, லகர ளகர ழகரப் பிழைகள் தொடங்கியபோது இருந்த அளவிலேயே இருந்தன. அவற்றுக்கு வேறு பயிற்சி வேண்டும், சுருக்கம் அதைச் செய்யாது. கற்பனைக் கட்டுரையிலும் முன்னேற்றம் எதுவும் தென்படவில்லை.

## மீண்டும் செய்வதானால் மாற்ற வேண்டியவை

150 சொல் வரையறையை முதற் கட்டுரைக்கே வைத்தது கடுமையாக இருந்தது. இரண்டாம் வாரத்தில் மாணவி விடயப் பட்டியல் எழுதியதற்கு அந்த நெருக்கடியும் ஒரு காரணம். முதற் கட்டுரைக்கு 250 சொல் கொடுத்து, அதையே அடுத்த வாரம் 150 ஆக்குவது நல்லது. இரண்டாவது சுருக்கம் முதலாவதிலிருந்து வெட்டப்படாமல், கூட்டங்களின் தனித்தாளிலிருந்து புதிதாக எழுதப்பட வேண்டும்.

வினைமுற்று உள்ள ஓரக் குறிப்பு என்ற விதி முதல் அமர்விலேயே வரவேண்டும். அது பிந்தியதால் ஒரு வாரம் போயிற்று. படம் வரைவதும் அப்படியே. அளவும் இடமும் உள்ள எந்தப் பந்திக்கும், சிவப்புக் கோடு இரண்டாம் முறை விழுந்தால் மூன்றாம் முறை வாசிக்க அனுப்பாமல் பென்சிலைக் கொடுத்து வரையச் சொல்ல வேண்டும்.

ஒரு குறை கடைசிவரை திருத்தப்படவில்லை. சுருக்கங்களை வாசித்த இருவரும் கட்டுரையை முன்பே வாசித்தவர்கள். விடுபட்டதை அவர்களுடைய மனம் தானாக நிரப்பிக்கொண்டது. "இந்த எல்லை" போன்ற இடங்கள் பின்னைய வாரங்களிலும் ஓரிரண்டு தப்பிப் போயின. பதிவுகளை மறுபடி பார்த்தபோதுதான் கண்டுபிடிக்கப்பட்டன. அடுத்த முறை, கட்டுரையைக் காணாத ஒருவர், வாசிகசாலைக்கு வரும் வேறொரு மாணவர் போதும், சுருக்கத்தை மட்டும் வாசித்துத் தனக்கு விளங்காத இடங்களில் கேள்விக்குறி போட வேண்டும். ஆசிரியரின் சிவப்புக் கோடு அதற்குப் பிறகு வந்தால் போதும்.